‘இதர செலவு’ என்ற ஒரு வரியும் இலஞ்சத் தடை வாசகமும்

ஆரையம்பதியில் பன்னிரண்டு கைத்தறிகளோடு அப்பா நடத்தி வந்த நெசவுசாலையை இப்போது நான் நடத்துகிறேன். நீண்ட காலமாகச் சாறியும் சாரமும் படுக்கை விரிப்பும் நெய்து மட்டக்களப்பு, கல்முனைக் கடைகளுக்குக் கொடுத்து வந்த எங்களுக்கு, பிரித்தானியாவில் வீட்டுப் பாவனைப் பொருட்கள் விற்கும் ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து சமையலறைத் துவாய்க்கும் மேசைத் துணிக்கும் ஓடர் கிடைத்தது. மாதிரிகள் ஏற்கப்பட்டு, விலையும் பேசி முடிந்த பிறகு, முப்பத்துநான்கு பக்க ஒப்பந்தம் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. அளவு, சாயம் கழலாமை, தாமதத்துக்கான கழிவு ஆகியவற்றைச் சொல்லும் பக்கங்களை நான் வரி வரியாக வாசித்தேன். இலஞ்சத் தடை என்று தலைப்பிட்ட இரண்டு பக்கங்களை, நாங்கள் யாருக்கும் இலஞ்சம் கொடுப்பவர்கள் அல்லவே என்ற நினைப்பில், வாசிக்காமலே புரட்டிவிட்டேன். பெரிய கொள்வனவாளர் ஒருவருக்கு முதன்முறையாகப் பொருள் கொடுக்கப் போகும் எவரும் இந்த இடத்தில் தவறக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

கையெழுத்து வைப்பதற்கு முன் ஒப்பந்தத்தை எங்களுக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் கொண்டு போனேன். என்னைவிட வயதில் இளையவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த இரண்டு பக்கங்களையும் வாசித்துவிட்டு அவர் சட்டம் எதையும் விளக்கவில்லை. “அக்கா, போன வருசத்துக் காசுப் புத்தகத்தையும் ஏற்றுமதி செஞ்ச பில்லுகளையும் எடுத்துக்கொண்டு வாங்க. அதுகளப் பாத்தாத்தான் நீங்க இதில கையெழுத்து வைக்கலாமா எண்டு சொல்லலாம்” என்றார்.

மறுநாள் அவருடைய மேசையில் எங்கள் சில்லறைக் காசேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். ‘தேத்தண்ணிக் காசு 500’ என்று ஒரு வரி. லொறி கொழும்புக்குப் போன நாளில் ‘வழிச் செலவு 2,000’. புதுவருடத்துக்கு ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்த பலகாரமும் இரண்டு சாறிகளும் ‘அன்பளிப்பு’ என்று பதிவாகியிருந்தன. கனடாவில் ஒரு சிறிய கடைக்கு நாங்கள் முந்தைய ஆண்டு அனுப்பிய சரக்குக்கு அனுப்புகை முகவர் தந்த பில்லில், கட்டணங்களுக்கெல்லாம் கீழே, ‘இதர செலவு 18,500’ என்று ஒரு வரி இருந்தது. அதற்குப் பற்றுச்சீட்டு எதுவும் இல்லை. அந்தக் காசு எதற்கு என்று நான் முகவரிடம் கேட்டதில்லை. “வழமையாக் குடுக்கிறதுதானே தங்கச்சி” என்று அவர் ஒருமுறை சொன்னது மட்டும் நினைவில் இருந்தது.

பிறகுதான் வாசகத்தை வாசித்தோம். அது சொன்னதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: வழங்குநரோ, அவருடைய பணியாளரோ, அவர் சார்பில் செயற்படும் எவருமோ, ஓர் அலுவலரிடமிருந்தோ தனியார் நிறுவன ஊழியரிடமிருந்தோ முறையற்ற அனுகூலம் பெறுவதற்காகப் பணமோ பெறுமதியுள்ள வேறெதுவுமோ கொடுக்கவும் இல்லை, கொடுக்கவும் மாட்டார், வழமையான வேலையை விரைவுபடுத்தக் கொடுக்கும் சிறு தொகையும் இதில் அடங்கும், எல்லாக் கொடுப்பனவும் கணக்கில் உள்ளபடியே பதியப்பட வேண்டும். நாம் சந்தோசம் என்றும் தேத்தண்ணிக் காசு என்றும் சொல்வதைத்தான் அந்த நடுப்பகுதி குறிக்கிறது. நாங்கள் எதையும் ஒளிக்கவில்லை, எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறோம் என்ற என் எண்ணமும் அங்கே உடைந்தது. ‘இதர செலவு’ என்று எழுதுவது உள்ளபடி எழுதுவது ஆகாது. அந்தப் பெயர் கொடுப்பனவின் தன்மையை மறைப்பதால், அதுவே தனியாக ஒரு மீறலாகிறது.

ஒரு பெரிய நிறுவனம் எங்கள் பன்னிரண்டு தறிக் கணக்கைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. காரணம் தெரிந்த பிறகு அந்தக் கோபம் தணிந்ததோடு, எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பதும் தெளிந்தது. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டம் 2011 ஜூலை 1இலிருந்து நடைமுறையில் உள்ளது. அதன் 7ஆம் பிரிவின்படி, ஒரு நிறுவனத்துக்காகச் சேவை செய்யும் எவரேனும் அந்த நிறுவனத்தின் வியாபாரத்துக்காக இலஞ்சம் கொடுத்தால், அதைத் தடுக்கத் தவறியதற்காக நிறுவனமே குற்றவாளியாகும். தண்டப்பணத்துக்கு உச்ச வரம்பு இல்லை. இலஞ்சத்தைத் தடுக்கப் போதுமான நடைமுறைகளை வைத்திருந்தோம் என்று காட்டுவதுதான் நிறுவனத்துக்கு உள்ள எதிர்வாதம். நமக்கு வரும் வாசகமும் கேள்விக்கொத்தும் அப்படிக் காட்ட வேண்டிய நாளுக்காக அவர்கள் சேர்த்து வைக்கும் ஆதாரங்களே. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு வெளிநாட்டு ஊழல் நடைமுறைகள் சட்டம் வழமையான அரச வேலையை விரைவுபடுத்தும் சிறு கொடுப்பனவுக்கு ஒரு விலக்குத் தருகிறது. பிரித்தானியச் சட்டம் தரவில்லை. ஆகவே அமெரிக்கக் கொள்வனவாளருக்குப் பொருள் கொடுத்தவர் சொல்லும் அனுபவத்தை நம்பி இதில் இறங்க வேண்டாம். இலங்கையிலும் தொகை சிறியது என்பதற்காக விலக்கு இல்லை. 2023 செப்டெம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், அதுவரை இருந்த 1954ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டத்தை நீக்கியதோடு, தனியார் துறைக்குள் கொடுத்து வாங்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது.

கையெழுத்து வைப்பதில் எனக்கிருந்த உண்மையான தடை, வாசகத்தின் இறந்தகாலப் பகுதிதான். ‘எக்காலத்திலும் கொடுத்ததில்லை’ என்று அது உறுதி கேட்டது. 18,500 ரூபாய் எங்கே போனது என்று தெரியாத நான் அதில் கையெழுத்து வைத்தால், ஒப்பந்தம் தொடங்கும் நாளிலேயே பொய் சொன்னவளாவேன். பின்னர் எப்போதாவது கணக்காய்வில் அந்தப் பில் வெளிப்பட்டால், சரக்கில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், அந்தப் பொய் ஒன்றே ஒப்பந்தத்தை முடிக்கப் போதும். அப்படியானால் பழையதையெல்லாம் மனம் திறந்து எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். சட்டத்தரணி அவசரப்பட வேண்டாம் என்றார். “உண்மையில்லாததில கையெழுத்து வைக்கக்கூடாது அக்கா. ஆனா குடுக்கிறதும் நம்மட சட்டத்தில குற்றம். என்ன நடந்தது எண்டு தெரியாமலே நாமளே குற்றத்த ஒப்புக்கொண்ட மாதிரி எழுதிக் குடுக்கவும் ஏலாது. வாசகத்தத்தான் மாத்திக் கேக்கவேணும்.”

அப்போது அவர் எடுத்துக் காட்டியது சர்வதேச வர்த்தக சம்மேளனம் 2012இல் வெளியிட்ட மாதிரி ஊழல் தடுப்பு வாசகம். கொழும்பில் பெரிய ஒப்பந்தங்களைப் பார்ப்பவர்களுக்கு அது பழக்கமானதாம். எங்களைப் போன்றவர்கள் கேள்விப்படுவதில்லை. அந்த மாதிரி, கடந்தகாலம் முழுவதற்கும் உறுதி கேட்பதில்லை. அந்த ஒப்பந்தத்தோடு தொடர்புடைய எதிலும் கொடுக்கவோ வாக்களிக்கவோ இல்லை என்று மட்டுமே கேட்கிறது. அந்த அளவுக்கு நான் உண்மையாகவே உறுதி சொல்ல முடியும், ஏனென்றால் இந்தப் புதிய ஓடருக்காக இன்னும் ஒரு ரூபாயும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. உலகம் அறிந்த ஒரு மாதிரியைச் சுட்டிக்காட்டி மாற்றம் கேட்டபோது, கொள்வனவாளரின் சட்டப் பிரிவும் நாங்கள் எதையோ மறைக்கிறோம் என்று சந்தேகப்படவில்லை. நான்கு நாட்களில் அந்த வரியை மாற்றித் தந்தார்கள்.

ஒரு வரியை மாற்றிவிட்டுப் பழைய வழக்கத்தைத் தொடர்ந்திருந்தால் அது வெறும் தந்திரமாகியிருக்கும். ஆகவே அனுப்புகை முகவரிடம் போனேன். இனிமேல் பில்லை இரண்டாகப் பிரிக்க வேண்டும், அரசுக்கும் துறைமுகத்துக்கும் கட்டிய தொகைகளுக்கு அவற்றின் பற்றுச்சீட்டுகளை இணைக்க வேண்டும், தன் சேவைக் கட்டணத்தை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும், அந்தக் கட்டணத்திலிருந்தும் யாருக்கும் எதுவும் கொடுக்கக்கூடாது என்று கேட்டேன். கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விட்டால், இதே 18,500 ரூபாய் சேவைக் கட்டணத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அவருடைய மறுமொழி, “அப்ப சரக்குக் கிடக்கும் தங்கச்சி, பிறகு என்னைக் கேக்க வேணாம்” என்பதாக இருந்தது. எழுத்தில் தர அவர் சம்மதிக்கவில்லை. அப்பா காலத்திலிருந்து தெரிந்தவரை விட்டு வேறொருவரைத் தேடியது எனக்கு இலகுவாக இருக்கவில்லை.

புதிய முகவர் எங்கள் பழைய கனடா ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இந்த அனுபவத்தில் நான் கற்றவற்றுள் மிகவும் பயன்பட்டது அன்று அவர் காட்டியதுதான். விலைப்பட்டியலில் இருபத்துநான்கு பெட்டி. பொதிப் பட்டியலில் இருபத்திரண்டு. கடைசி நேரத்தில் இரண்டு பெட்டிகளைச் சேர்த்த நாங்கள் ஒரு தாளை மட்டும் திருத்திவிட்டு மற்றதை மறந்திருக்கிறோம். மொத்த நிறையும் அதனால் பொருந்தவில்லை. அப்படிப்பட்ட சரக்கு நிறுத்தப்படுவது முறைதான். பழைய முகவர் அதைத் திருத்திக் கொடுக்காமல் வேறு வழியில் நகர்த்தியிருக்கக்கூடும் என்பதே என் ஊகம். அதற்குப் பிறகு பெட்டிகளை மூடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் எண்ணி, நிறுத்து, இலக்கமிட்டு, இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இருவர் சரிபார்க்கிறோம். ‘சரக்குக் கிடக்கும்’ என்ற பயத்தில் ஒரு பெரும் பங்கு எங்கள் தாள்களின் பிழையிலிருந்து வந்தது. எல்லாத் தாமதமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். முதல் அனுப்புகை நான்கு நாள் பிந்தியது. களஞ்சிய வாடகையை நாங்களே கட்டினோம்.

விரைவுக்காகக் கொடுப்பதெல்லாம் இலஞ்சம் என்று எண்ணி முறையான கட்டணத்தையும் மறுக்கத் தேவையில்லை. கடவுச்சீட்டை ஒரு நாள் சேவையில் எடுக்கும்போது கூடுதல் கட்டணம் கட்டுகிறோம். அது அறிவிக்கப்பட்ட கட்டணம், அரசின் கணக்குக்குப் போகிறது, அரச பற்றுச்சீட்டு கிடைக்கிறது. கேட்கப்படும் தொகைக்கு இந்த மூன்றும் பொருந்தினால் கொடுக்கலாம். இதையே எங்கள் லொறிச் சாரதிக்கும் சொல்லி, பற்றுச்சீட்டு இல்லாத எந்தக் கொடுப்பனவுக்கும் அவருக்கு அதிகாரம் இல்லை என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, என் தொலைபேசி இலக்கத்தோடு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். உயிருக்கோ உடலுக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து என்று மிரட்டப்பட்டால் கொடுத்துவிட்டு, இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் எனக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் அதில் சேர்த்தேன். அந்த விலக்கை ஒப்பந்தத்திலும் கேட்டுப் பெற்றோம். தனியே இரவில் லொறி ஓட்டும் ஒருவரை எங்கள் தாளுக்காக ஆபத்தில் நிறுத்த எனக்கு உரிமை இல்லை.

கொள்வனவாளர் அனுப்பிய கேள்விக்கொத்திலும் ஓரிடத்தில் சறுக்க இருந்தேன். உரிமையாளரோ அவருடைய நெருங்கிய உறவினரோ அரச பதவியில் இருக்கிறாரா என்று ஒரு கேள்வி. என் கணவரின் அண்ணன் பிரதேச சபையில் வேலை செய்கிறார். அவருக்கும் எங்கள் நெசவுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணி ‘இல்லை’ என்று நிரப்பிவிட்டேன். சட்டத்தரணி அதை மாற்றச் சொன்னார். நமது ஊர்களில் குடும்பத்துக்கு ஓர் அரச உத்தியோகத்தராவது இருப்பார். அது குற்றம் அல்ல. ‘ஆம்’ என்று எழுதி, அவர் எந்தப் பதவியில் இருக்கிறார், எங்கள் அனுமதிப்பத்திரங்களில் அவருக்குப் பங்கு உண்டா என்பதை மூன்று வரிகளில் சொன்னேன். மேலதிகமாக ஒரு மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பதில் எழுதியதும் முடிந்தது.

மாற்றம் கேட்ட மற்ற இடங்களில் எல்லாம் கிடைத்துவிடவில்லை. எந்த நேரமும் எல்லாக் கணக்குகளையும் பார்க்கலாம் என்றிருந்த கணக்காய்வு உரிமையை, பத்து வேலை நாள் முன்னறிவித்தலோடு இந்த ஓடருக்குரிய பதிவுகளை மட்டும் பார்க்கலாம் என்று சுருக்கினோம். வீட்டுச் செலவும் தொழிற் செலவும் ஒரே புத்தகத்தில் கலந்திருந்தால் இந்தச் சுருக்கம் பயன்படாது என்பதால், அன்றே வங்கிக் கணக்கையும் காசேட்டையும் பிரித்தேன். எங்களுக்குப் பொருள் தரும் அனைவரிடமும், அவர்களுக்குத் தருபவர்களிடமும், இதே வாசகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று இருந்தது. கொழும்பில் நூல் விற்கும் பெரிய கடை எங்களுக்காக அப்படிக் கையெழுத்து வைக்காது. எங்கள் சார்பில் அதிகாரிகளோடு பேசக்கூடியவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்து, முகவர், லொறி உரிமையாளர், சாயமிட்டுத் தருபவர் ஆகிய மூவரிடம் மட்டும் வாங்குவதாக எழுதிக் கேட்டோம், ஒப்புக்கொண்டார்கள்.

நட்டஈட்டில்தான் தோற்றோம். இலஞ்சத்தால் அவர்களுக்கு வரும் எல்லா இழப்பையும் நாங்கள் ஈடுசெய்ய வேண்டும் என்பதற்கு ஓர் ஆண்டு ஓடரின் பெறுமதியை உச்ச வரம்பாகக் கேட்டேன், அவர்கள் அசையவில்லை. சந்தேகம் மட்டும் போதாது, நிரூபணம் வேண்டும் என்ற திருத்தத்தை மட்டுமே தந்தார்கள். அந்த வாசகத்துக்கு என் வீடும் பொறுப்பாகலாம் என்பதை அறிந்தே கையெழுத்து வைத்தேன். தனிநபர் வியாபாரமாக இருந்ததைப் பின்னர் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்ததற்கு இதுவே முதற் காரணம். சந்தேகம் எழுந்தவுடன் ஒப்பந்தத்தை நிறுத்தும் உரிமையும் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் அதுவரை ஏற்றுக்கொண்ட சரக்குக்கான பணத்தைத் தந்தாக வேண்டும் என்பதை எழுதிக் கொண்டோம். முடிவுறுத்தும் நாளில் ஏற்கெனவே தர வேண்டியிருந்த தொகை, சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத் தரப்பட வேண்டும் என்பது அந்தச் சர்வதேச மாதிரியிலேயே இருக்கிறது. பாவும் ஊடையுமாக மூன்று மாத நெசவுக் கூலி சிக்கியிருக்கும் சரக்குக்கு இந்த ஒரு வரிதான் பாதுகாப்பு. நட்டஈட்டு வரம்பைவிட இதைத்தான் முதலில் கேளுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

முதல் சரக்கைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து ஒரு தரப் பரிசோதகர் வந்தார். வீட்டில் நண்டுக் குழம்பு சமைத்து வைத்திருந்தோம்; வந்தவரைப் பசியோடு அனுப்புவது எங்கள் வழக்கம் அல்ல. அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பரிசோதகருக்குப் பணமோ பரிசோ கொடுக்கவில்லை என்று நான் கையொப்பமிட வேண்டும் என்றார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். நெசவாளர்களோடு சேர்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுவதாகவும், அதைத் தாளில் எழுதிக்கொள்வதாகவும் சொன்னார். தறிகளுக்கிடையே பாய் விரித்து எல்லோரும் சாப்பிட்டோம். அவருக்குக் கொடுக்க மடித்து வைத்திருந்த சாரத்தை மட்டும் நான் அலுமாரியிலேயே விட்டுவிட்டேன். அறிக்கையில் ஒன்பது துவாய்களின் ஓரத் தையல் குறையென்று பதிந்தார். அவை உண்மையிலேயே குறையானவைதான்.

இப்போது மேசை இழுப்பறையில் ஒரு கொப்பி இருக்கிறது. யாராவது எதையாவது கேட்டால், திகதி, இடம், கேட்டவரின் பதவி, கேட்ட தொகை, நாங்கள் சொன்ன பதில் ஆகியவற்றை அன்றே அதில் எழுதுகிறோம். மிஞ்சிப் போனால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கம் அதன் முதற் பக்கத்தில் இருக்கிறது. கேட்கப்பட்ட தொகைக்குப் பற்றுச்சீட்டுத் தருவீர்களா என்று மரியாதையாகக் கேட்டதோடு பேச்சு நின்ற இடங்களே அதில் பெரும்பாலானவை. ஆண்டு முடிவில் ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய உறுதிப்பத்திரத்தோடு அந்தக் கொப்பியின் மூன்று வரிகளையும் படியெடுத்து இணைத்தேன். இவ்வளவு கேட்டிருக்கிறார்களா என்று அவர்கள் தயங்குவார்களோ என்ற பயம் இருந்தது. வந்த பதிலில், ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதும் வழங்குநர்களைவிட இப்படி எழுதுபவர்களோடு வேலை செய்வது தங்களுக்கு இலகு என்று ஒரு வரியும், அதற்குக் கீழே அடுத்த ஓடருக்கான நிறங்களும் இருந்தன.